லேயில் கசந்த புளியோதரை

கேள்வி: டாக்டர், போன ஜூனில் நானும் என் வீட்டுக்காரரும் லே போயிருந்தோம். அவருக்கு வயது 61. பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டெல்லியில் அதிகாலை விமானம் ஏறி, ஏழு மணிக்கெல்லாம் லேயில் இறங்கிவிட்டோம். அன்று ராத்திரி, நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையை ஒரு வாய் வைத்துவிட்டு, "கெட்டுப்போச்சு, கசக்குது" என்று தள்ளிவிட்டார். எனக்கும் இறங்கவில்லை. ஆனால் கார் ஓட்டிய லடாக் தம்பி மறுநாள் காலை அதையே ரசித்துச் சாப்பிட்டார்! வீட்டுக்காரருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தால் அதுவும் "வெறும் தண்ணி" என்றார். மறுநாள் மதியம் அவருக்கு வேர்த்துக் கை நடுங்கியது. மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் படுக்க வைத்தேன். அரை மணியில் தெளிந்தார். மூன்றாம் நாள் எல்லாம் சரி. மலைக்கு நல்லது என யாரோ சொன்னார்கள் என்று டயமாக்ஸ் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். இதற்கு முந்தின வருஷம் மே மாதம் டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போனபோதும் விமானச் சாப்பாடு சப்பென்று இருந்தது, இறங்கியும் மூன்று நாள் பசியே இல்லை. இவருக்குக் கோளாறு நாக்கிலா, வயிற்றிலா? மறுபடி லே போகலாமா?

— வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் புளியோதரை கெட்டுப்போகவில்லை. அந்த டிரைவர் தம்பியே அதற்குச் சாட்சி. மறுநாள் காலை வரை நன்றாக இருந்த சோறு முந்தின நாள் ராத்திரி கெட்டிருக்க முடியாது. நாக்கிலோ வயிற்றிலோ நோய் இருந்திருந்தால் மூன்றாம் நாள் தானாகச் சரியாகியிருக்காது. அதனால் அந்தக் கவலையை விடுங்கள். என்னை உறுத்துவது வேறொன்று. அந்த மதிய வேர்வையும் நடுக்கமும் மலையால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். பசி ஏன் போனது என்று தெரிந்தால்தான் அது புரியும்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரில் உள்ள அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடற்கரையோரம் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் லேயில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் மூன்றில் இரண்டு பங்குதான். கையோடு கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட் உப்பித் தலையணை மாதிரி ஆகியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். வெளியே அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கிறது. நம் குடலுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான் விரியும். திருநெல்வேலியில் இரண்டு பங்காக இருந்தது அங்கே மூன்று பங்கு இடம் கேட்கும். சாப்பிடாமலேயே வயிறு கும்மென்று இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் பசியைக் கெடுப்பதில் வாயுவுக்குச் சின்னப் பங்குதான். பெரிய காரணம் ஆக்சிஜன் குறைவுதான். இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை உண்டு. 1985இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து நாட்டிக் நகரில், ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் எட்டு ஆண்களை ஓர் அழுத்த அறைக்குள் 40 நாள் தங்க வைத்தார்கள். எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் அளவு வரை காற்றழுத்தத்தை நாள்பட மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போனார்கள். அறையில் குளிர் கிடையாது. பனிப்புயல் கிடையாது. மூட்டை சுமக்க வேண்டாம். வாய்க்குப் பிடித்த சாப்பாடு வேண்டிய மட்டும் கிடைத்தது. அப்படியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,100 கலோரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் 1,800 கலோரிக்கு வந்துவிட்டார்கள். இறுதிவரை தாக்குப்பிடித்த ஆறு பேர் சராசரியாக ஏழு கிலோவுக்கு மேல் எடை இழந்திருந்தார்கள். மலையேறுகிறவர்கள் இளைப்பதற்குக் குளிரும் களைப்பும் மோசமான சாப்பாடும்தான் காரணம் என்று அதுவரை சொல்லிவந்தது அங்கே அடிபட்டுப்போனது. எல்லா வசதியும் இருந்தும் ஆக்சிஜன் குறைந்தால் பசி குறைகிறது.

உள்ளே என்ன நடக்கிறது? சாப்பிடுவது நமக்குச் சும்மா தோன்றினாலும் உடம்புக்கு அது ஒரு வேலை. இரைப்பைக்கும் குடலுக்கும் கூடுதல் ரத்தம் போக வேண்டும், அந்த ரத்தத்தோடு ஆக்சிஜனும் போக வேண்டும். லேயில் இறங்கிய முதல் நாள், விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் நல்ல உடல்நிலை உள்ளவருக்கே ஆக்சிஜன் அளவு 85, 90 என்றுதான் காட்டும். நம் ஊரில் 97, 98 இருக்கும். இந்த நிலையில் பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் குறைகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன்களில் சில கூடுகின்றன. இரைப்பையும் உணவைக் குடலுக்குத் தள்ளுவதில் மெத்தனமாகிவிடுகிறது. காலையில் சாப்பிட்ட பிரெட் மதியம் வரை நெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அந்த வயிற்றுக்கு முன்னால் எதைக் கொண்டு வந்து வைத்தாலும் முகத்தைத் திருப்பத்தான் தோன்றும். காய்ச்சல்காரருக்கு அல்வாவும் ஆகாதது போலத்தான் இது.

லே உயரத்தில் இந்த நிலை பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். மூச்சு ஆழமாகி, உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகிக்கொள்ளும். உங்கள் வீட்டுக்காரருக்கு மூன்றாம் நாள் பசி திரும்பியது இதற்கு ஒத்துப்போகிறது. 5,000 மீட்டருக்கு மேலே முகாம் போட்டு வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குத்தான் அது முழுதாகத் திரும்புவதில்லை.

சரி, பசி இல்லாதது புரிகிறது. ஆனால் கசப்பு எங்கிருந்து வந்தது?

வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காயைக் கடித்து மெல்லுங்கள். லேசாகச் சுரீரென்று இருக்கும், அவ்வளவுதான். ஏதோ மரத்துண்டை மெல்வது போலத் தோன்றும். இப்போது கையை எடுங்கள். ஒரே நொடியில் ஏலக்காய் ஏலக்காயாக வாயெல்லாம் பரவும். ஏனென்றால் நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, அப்புறம் தக்காளியிலும் காளானிலும் இறைச்சிச் சாற்றிலும் இருக்கிற உமாமி என்ற ருசி, இவ்வளவே. மற்றதெல்லாம் மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மேலேறி மூக்குக்குப் போகும் வாசனை.

இப்போது உங்கள் புளியோதரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெருங்காயம், வறுத்த எள், கறிவேப்பிலை, நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம், எல்லாமே வாசனைக்காகப் போடுகிறவை. லடாக் காற்று எலும்பு போல உலர்ந்தது. ஒரே நாளில் மூக்குக்குள் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும். மூச்சு வாங்குவதால் வாய் வழியாகவே சுவாசிக்கிறோம், வாயும் வறண்டுபோகிறது. மூக்கின் உட்புறம் ஈரமாக இருந்தால்தான் வாசனை அதில் கரைந்து நரம்பைத் தொடும். போதாக்குறைக்கு, ராத்திரி அந்தச் சோறு ஆறிக் குளிர்ந்து போயிருந்திருக்கும். ஜூன் மாதத்திலும் லேயில் இரவு நன்றாகக் குளிரும். சூடில்லாத சாப்பாட்டிலிருந்து வாசனை எழும்பாது. அரிசிச் சோறு குளிரில் விறைத்து, பருக்கை பருக்கையாகக் கடிபடும். ஆக, வாசனை போய்விட்டது, மீதி நின்றது புளியின் புளிப்பும் வெந்தயத்தின் கசப்பும். பெருங்காயமும் எள்ளும் துணைக்கு இல்லாமல் வெந்தயம் தனியாக நாக்கில் நின்றால் அது கசக்கத்தானே செய்யும்? அவர் சொன்னது பொய்யில்லை, நீங்கள் சமைத்ததும் தப்பில்லை.

அங்கே சமைத்துச் சாப்பிட்டாலும் சில தொல்லைகள் உண்டு. லேயில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைத்த சோறு வெளியே குழைந்து நடுவில் அரிசியாக நிற்கும். பருப்பு எவ்வளவு நேரம் வைத்தாலும் மலராது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. ஓட்டலில் சோறு நறநறத்தால் குறை சமைத்தவர் மேல் இல்லை.

சோடா "வெறும் தண்ணி" ஆனதற்குக் காரணம் வேறு. அது மலை அல்ல, டயமாக்ஸ். அசெட்டசோலமைடு என்பது அதன் மருந்துப் பெயர். சோடாவின் சுறுசுறுப்பு குமிழி நாக்கில் குத்துவதால் மட்டும் வருவதில்லை. அதிலிருக்கும் கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிற ஒரு நொதி நாக்கில் இருக்கிறது. அந்த அமிலத்தைத்தான் நாம் 'சுர்' என்று உணர்கிறோம். டயமாக்ஸ் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. அதனால் சோடா செத்துப்போன மாதிரி இருக்கும், சிலருக்கு வாயில் இரும்பு ருசி தட்டும். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். நாலைந்து நாளில் மாத்திரையை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். அந்த மாத்திரை உயரத்துக்குப் பழக உண்மையிலேயே உதவும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கிக் கொடுப்போம். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று போடுகிற மாத்திரை இல்லை இது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. பத்து வருஷச் சர்க்கரை என்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டே நான் எழுதிக்கொடுப்பேன்.

இனி அந்த நடுக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி ஒரு வாய் சோறு. காலையிலும் அவர் பெரிதாக ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருப்பார், அதில்தான் நம் ஆட்கள் கெட்டி. மதியம் வேர்வை, நடுக்கம். டீயும் பிஸ்கட்டும் கொடுத்ததும் அரை மணியில் தெளிவு. இது தாழ்சர்க்கரை, அம்மா. மலை நோயாக இருந்தால் பிஸ்கட்டுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். க்ளிமிபிரைடு, க்ளிக்ளசைடு போன்றவை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்தெடுக்கும். நம் ஊரில் பலரும் விழுங்குகிற கலவை மாத்திரைகளில் மெட்ஃபார்மினோடு இதுவும் சேர்ந்தே இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். இருந்தால், பசி எடுக்காத அந்த முதல் இரண்டு நாளுக்கு அளவை எவ்வளவு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கள். சாப்பிடாமல், தண்ணீரும் குறைந்த நேரத்தில் அந்த மருந்துகள் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிக் குமட்டலும் வாந்தியும் கொண்டுவரக்கூடும். அதையும் மலை நோய் என்றே எல்லோரும் நினைத்துவிடுவார்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவியை ஸ்வெட்டருக்கு உள்பக்கப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அது வேலை செய்ய மறுக்கும். சில வகைப் பட்டைகள் உயரத்தில் எண்ணைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். ஆகவே எண் எதுவானாலும், வேர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள், கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். பிஸ்கட் அடுத்தபடிதான். மெத்தனமான வயிற்றில் பிஸ்கட் கரைய நேரமாகும்.

சாப்பாடு பிடிக்காததை எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்பீர்கள். மலை மருத்துவத்தில் இதற்கு முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தலைவலி இருக்கிறதா? உயரத்தில் பசியின்மை மட்டும் இருந்தால் அது நோயில்லை. புதிதாக ஏறியவருக்குத் தலைவலியும் சேர்ந்து, பசியின்மை, குமட்டல், அசதி, கிறுகிறுப்பு என்று எதாவது கூடினால் அது மலை நோய். வந்திறங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். அதாவது காலை ஏழு மணிக்கு இறங்கியவருக்கு மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்குள். அதற்கு முன் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள், அந்தத் தெம்பில் கடைவீதிக்கும் மடத்துப் படிகளுக்கும் கிளம்பிவிடுவார்கள்.

நான் இரண்டு கோடைக்காலம் லேயில் பயணிகளைப் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஒரு விடுதியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று என்னைக் கூப்பிட்டது. அப்பாவுக்கு முந்தின நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. "வயித்துக்கு ஒத்துக்கல டாக்டர், செரிமான மாத்திரை கொடுங்க" என்றார் மகன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தட்டில் தயிர் சாதம் தொடாமல் காய்ந்திருந்தது. தலை வலிக்கிறதா என்றேன். இரண்டு நாளாக வலிக்கிறது, யாரும் கேட்கவில்லை என்றார். எழுப்பி, தரைவிரிப்பின் கோட்டின் மேல் குதிகாலை மறுகால் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார், மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அது வயிற்றுச் சமாசாரம் இல்லை, மூளை வீக்கத்தின் தொடக்கம். உடனே மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜனும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டார். தலைவலியோடு தொடர்ந்து வாந்தி, நேர்கோட்டில் நடக்கத் தடுமாற்றம், பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இருமல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீழே இறங்குவதுதான் மருந்து என்று புத்தகம் சொல்லும். ஆனால் லேயிலிருந்து மணாலி பக்கமோ ஸ்ரீநகர் பக்கமோ காரில் போவதென்றால் லேயைவிட உயரமான கணவாய்களை ஏறித்தான் இறங்க வேண்டும். அங்கே முதல் வழி ஆஸ்பத்திரி ஆக்சிஜன்தான்.

மறுபடி தாராளமாகப் போகலாம். முதல் இரண்டு நாள் லேயை விட்டு நகராதீர்கள். இறங்கியதும் நேராக அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு என்ற கணக்கை மறந்துவிட்டு, இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு முறை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, சூடாக, இளக்கமாக, எண்ணெய் குறைவாகக் கொடுங்கள். எண்ணெயும் நெய்யும் ஏற்கெனவே மெத்தனமான வயிற்றை இன்னும் நிறுத்தி வைக்கும். காலை எட்டரைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பிரெட் துண்டோ, ஒன்றரைக்குக் குழைந்த பருப்பு சாதத்தில் ரசத்தைத் தாராளமாக ஊற்றி, நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், ஆறரைக்கு லடாக்காரர்களின் துக்பா, எட்டரைக்கு ஒரு டம்ளர் சூடான பால். துக்பா என்பது காய்கறி போட்டுக் கொதிக்கவைத்த நூடுல்ஸ் சாறு. அந்த ஊர்க்காரர்கள் அந்தக் காற்றுக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். ஆவி முகத்தில் படும்போதே காய்ந்த மூக்கு இளகி வாசனை திரும்பும். பசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். சர்க்கரைக்காரருக்கு இது ரொம்ப முக்கியம். தண்ணீரை அண்டா அண்டாவாகக் குடிக்கச் சொல்லி யாராவது விரட்டுவார்கள். அப்படி அவசியமில்லை. சிறுநீர் வெளிர் நிறமாகப் போகிற அளவுக்குக் குடித்தால் போதும். மிதமிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்து, அதனாலேயே தலைவலியும் குமட்டலும் வரும். படுக்கும் முன் இரண்டு மூக்கிலும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து விடுங்கள், மறுநாள் சாப்பாட்டில் வித்தியாசம் தெரியும். பாங்காங் ஏரிக்கரை லேயைவிட 700 மீட்டருக்கு மேல் உயரம். லேயில் மூன்று இரவு தூங்கி, தட்டு காலியாகிற வரை அங்கே தங்கப் போகாதீர்கள்.

டொராண்டோ பயணத்தில் நடந்தது இதன் தம்பி மாதிரி, ஆனால் காரணங்கள் கொஞ்சம் வேறு. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் மலையில் இருப்பது போல, அதாவது ஊட்டி உயரம். பசியை அடியோடு கெடுக்க அது போதாது. அங்கே அடிபடுவது ருசி. காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவதால் மூக்கு காய்கிறது. ஜெர்மனியில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010இல் ஒரு பழைய விமானத்தின் உடற்பகுதியை அழுத்த அறைக்குள் வைத்து, ஆட்களை உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தது. உப்பும் இனிப்பும் நன்றாக மங்கின, புளிப்பும் காரமும் அவ்வளவாக மங்கவில்லை. இரைச்சலுக்கும் பங்கு உண்டு. நாக்கின் முன்பகுதியிலிருந்து ருசியைக் கொண்டுபோகும் நரம்பு நடுக்காதின் வழியாகத்தான் செல்கிறது. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விமான இரைச்சலைக் காதில் கேட்கவைத்துச் சோதித்தபோது இனிப்பு மங்கியது, உமாமி ருசி மட்டும் கூடியது. தரையில் தக்காளி ஜூஸைத் திரும்பிப் பார்க்காதவர்கள் ஆகாயத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அடுத்த முறை தக்காளி சாதம் கட்டிக்கொண்டு ஏறுங்கள், காதில் பஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பின் மூன்று நாள் பசியில்லாததற்குக் காரணம் கடிகாரம். மே மாதத்தில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். மகள் ராத்திரி ஏழு மணிக்கு இலை போட்டு உட்காரவைக்கும்போது உங்கள் வயிற்றுக்கு அதிகாலை நாலரை. யாருக்குப் பசிக்கும்? ஆனால் அங்கே விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து அடுப்படியில் எதையாவது தேடியிருப்பீர்கள். அது திருநெல்வேலியில் மதியம் ஒரு மணி. மேற்கே போகும்போது உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நகரும். அதை நகர்த்துவது இரண்டு: கண்ணில் படும் வெயில் மூளையின் கடிகாரத்தை, சாப்பாட்டு வேளை வயிறு, ஈரல் இவற்றின் கடிகாரத்தை. எனவே இறங்கிய நாளிலிருந்தே அந்த ஊர் வேளைக்குக் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். சாயங்கால வெயிலில் ஒரு நடை போங்கள். மூன்றரை மணிப் பசிக்கு ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முழுச் சாப்பாடு சாப்பிட்டால் வயிறு திருநெல்வேலி நேரத்திலேயே உட்கார்ந்துவிடும். அவருடைய மாத்திரையை எந்த நேரக் கணக்கில் போடுவது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

லேக்கு அடுத்த முறை புளியோதரையாகக் கட்டாமல் புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் இறுக்கி மூடி, பாலிதீன் பையில் சுற்றி, பெட்டியில் வைத்து அனுப்புங்கள். மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்று தள்ளும், ஆகவே பாட்டிலைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் மதியம், குக்கரில் குழையாமல் வெந்த சோற்றில் சூடாகப் பிசைந்து கொடுங்கள். டிரைவர் தம்பிக்கும் ஒரு தட்டு வையுங்கள்.